பெயரை மாற்றினாலும் பொருந்துகிறதா?

மாதக் கடைசி வந்தாலே அந்த டி.டி.பி. கடையில் கூட்டம் கூடிவிடும். கல்யாணப் பத்திரிகைக்கோ கண்ணீர் அஞ்சலிக்கோ வருகிற கூட்டம் இல்லை. அரசு வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுகிறார்கள். சால்வை, மாலை, மோதிரம் எல்லாம் ஏற்பாடான பிறகு, கடைசி நேரத்தில் யாருக்காவது ஞாபகம் வரும்: "வாழ்த்து மடல் ஒண்ணு பிரேம் போட்டுக் கொடுக்கணுமே!"

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது அந்தக் கடை. அதை நடத்துகிற பெண்ணுக்கு இருபது வருட அனுபவம். அன்று மாலை கையில் ஒரு நோட்டுடன் வந்து நின்றவர் வாடிக்கையாளர் இல்லை, அவருடைய சொந்தத் தம்பி. மின்வாரியத்தில் வயர்மேன். அவர்கள் பிரிவு அலுவலகத்தின் போர்மேன் இரண்டு நாளில் ஓய்வு பெறுகிறார். மடல் எழுதும் பொறுப்பு தம்பி தலையில் விழுந்திருந்தது.

"அக்கா, ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். அப்படியே அடிச்சுக் கொடுத்துடு."

அக்கா நோட்டைப் புரட்டினார். "ஏ-4 பிரேம்தானே? மேல அவர் போட்டோ, சுத்தி பார்டர். மிச்ச இடத்துல 18 வரி வரும். அதுக்கு மேல போனா எழுத்தைச் சின்னதாக்கணும். சுவத்துல மாட்டினப்புறம் யாரும் படிக்க மாட்டாங்க, அவர் உட்பட."

"18 வரியா? நான் 50 வரி எழுதியிருக்கேனே! எதை எடுக்கிறது? எல்லாமே மனசுல இருந்து வந்ததுக்கா."

ஒரு சின்னச் சோதனை

அக்கா பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தார். போன மாதம் ஒரு தலைமை ஆசிரியைக்கு அடித்துக் கொடுத்த மடல். அதில் 'தலைமை ஆசிரியை' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'போர்மேன்' என்று மாற்றிவிட்டு, தம்பியைப் படிக்கச் சொன்னார்.

'பண்பின் சிகரமே! பாசத்தின் உறைவிடமே! எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய போர்மேன் அவர்களே! தங்களை வாழ்த்த எங்களுக்கு வயதில்லை, எனவே வணங்குகிறோம். தாங்கள் பணி நிறைவு பெறும் இந்த இனிய தருணத்தில், தங்களோடு பணியாற்றக் கிடைத்த வாய்ப்பைப் பெரும் பேறாகக் கருதுகிறோம்...'

தம்பி திகைத்துப் போனார். அவர் நோட்டின் முதல் பக்கமும் கிட்டத்தட்ட இதேதான். அவர் யாரைப் பார்த்தும் எழுதவில்லை. இது போன்ற விழாக்களில் கேட்டுக் கேட்டு மனதில் படிந்து கிடந்தது, பேனாவைத் திறந்ததும் கொட்டிவிட்டது.

"தப்பா எதுவும் எழுதலைடா. ஆனா இது அவருக்கு மட்டும் எழுதினது இல்லை. பேரை மாத்தினாலும் பொருந்துற வரி எல்லாம் சும்மா இடத்தை அடைக்கிற வரி. அதை எடுத்துடு. பொருந்தாம முட்டுற வரி எதுன்னு பாரு. அதுலதான் உங்க ஆளு இருப்பார்."

பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்கள். முதல் பக்கம் முழுவதும் போனது. இரண்டாம் பக்கத்தில் 'இரவு பகல் பாராது, மழை வெயில் பாராது அயராது உழைத்தீர்கள் என்றால் அது மிகையாகாது' போனது. 'நேர்மை, உழைப்பு, எளிமை ஆகிய மூன்றையும் இரு கண்களாகப் போற்றி' என்ற இடத்தில் அக்கா சிரித்துவிட்டார். "மூணு இருக்கு, கண்ணு ரெண்டுதானேடா!"

கடைசியில் நான்கு வரிகள்தான் மிஞ்சின.

'தாங்கள் 31 ஆண்டுக் காலம் மின்வாரியத்தில் பணியாற்றினீர்கள்.'

'2018-ஆம் ஆண்டு கஜா புயலின்போது வேதாரண்யம் பகுதிக்குச் சென்று தாங்கள் ஆற்றிய அரும்பணியை யாரும் எளிதில் மறந்துவிட முடியாது.'

'பாதுகாப்பு விஷயத்தில் தாங்கள் காட்டிய அக்கறையை இங்கே நினைவுகூர்வது எங்கள் கடமையாகும்.'

'தங்கள் துணைவியார் எங்கள் மீது காட்டிய அன்பும் உபசரிப்பும் என்றென்றும் எங்கள் நெஞ்சை விட்டு நீங்காது.'

"அப்படி என்ன பண்ணினார்?"

மிஞ்சியதை அப்படியே விட்டுவிடவில்லை அக்கா. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார். "அப்படி என்ன பண்ணினார்?"

"31 வருஷம்னு எழுதியிருக்கியே, சரியா?"

"ரிஜிஸ்டர்ல அதுதான்க்கா. ஆனா அவரைக் கேட்டா 36-னுதான் சொல்லுவார். நிரந்தரம் ஆகுறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியா குழி தோண்டியிருக்கார். அது கணக்குலயே வராது. அவருக்கு அதுல ஒரு வருத்தம்."

"அப்போ அதையும் சேர்த்துச் சொல்லேன். ஆபீஸ் எண்ணாததை நீங்க எண்ணினா, அதைவிட வேற என்னடா மரியாதை?"

அடுத்தது கஜா. 'அரும்பணி' என்ற சொல்லை அக்கா வட்டமிட்டார். என்ன பணி என்பது அந்தச் சொல்லுக்குள் தெரியவே இல்லை. தம்பி சொல்லச் சொல்ல அது வெளியே வந்தது. 2018 நவம்பரில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததும், பல மாவட்டங்களில் இருந்து மின் ஊழியர்கள் அங்கே போனார்கள். இவர்கள் குழு 18 நாள் இருந்தது. வயலுக்குள் வண்டி போகாது. சிமென்ட் கம்பத்தைக் கயிறு கட்டி, சேற்றில் தோளில் சுமந்து போனார்கள். போர்மேன் நினைத்திருந்தால் வரப்பில் நின்று வேலை வாங்கியிருக்கலாம். அவர் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார்.

"இன்னொண்ணுக்கா... ஒரு கூரை போன வீட்டுல முதல் பல்பு எரிஞ்சப்போ, அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதார். நான் பார்த்தேன்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை மேடையில படிச்சா அவருக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காதுக்கா. நாங்க பார்த்தோம்னே அவருக்குத் தெரியாது."

"அப்போ அது மடல்ல வேண்டாம். உன்கிட்டயே இருக்கட்டும். என்னைக்காவது தனியா பார்க்கும்போது சொல்லிக்கோ."

சுருக்கும்போது பொய்யான வரியும் வெறும் வரியும் மட்டும் போவதில்லை. உண்மையாகவே இருந்தாலும், நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் கூசிப்போவார் என்று தெரிகிற வரியும் போக வேண்டும். நோய், கடன், கிடைக்காமல் போன பதவி உயர்வு, பிள்ளைகளின் வேலை போன்ற விஷயங்களும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது வரி: 'பாதுகாப்பு விஷயத்தில் தாங்கள் காட்டிய அக்கறை.'

"அப்படி என்ன அக்கறைடா?"

தம்பி உடனே பேசவில்லை. நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடிக்கா. ஒரு கல்யாண மண்டபம் பக்கத்துல லைன் வேலை. டிரான்ஸ்பார்மர்ல சப்ளையை நிறுத்தியாச்சு. லைன்ல கரண்ட் இல்லைன்னு நினைச்சு ஏணியில கால் வெச்சுட்டேன். கீழே இருந்து போர்மேன் அண்ணே கேட்டார், 'எர்த் ராடு போட்டியா?'ன்னு. போடலை. அவர் தினமும் கேக்குற கேள்விதான், எனக்கு எரிச்சலா இருந்துச்சு. முனகிக்கிட்டே இறங்கி, ராடை எடுத்துக் கம்பியில மாட்டினேன். 'பட்'டுனு நெருப்புப் பொறி பறந்துச்சு."

எர்த் ராடு என்பது நீளமான, கரண்ட் பாயாத பிடி உள்ள கோல். அதன் முனையில் ஒரு கொக்கி. கொக்கியில் இருந்து ஒரு ஒயர் பூமிக்குப் போகும். நிறுத்திய கம்பியில் அதை மாட்டி வைத்தால், எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் அது பூமிக்குப் போய்விடும். அன்று மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை லைனில் இருந்து பிரிக்க வேண்டிய சுவிட்ச் சரியில்லை. ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாகப் பின்பக்கமாக லைனுக்கு ஏறி வந்துவிட்டது. நிறுத்திய லைன் என்று நம்பிக் கை வைத்திருந்தால் அவ்வளவுதான்.

மவுஸ் மேல் இருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. இரண்டு வருடம் முன்பு என்றால், தம்பி மனைவி நிறைமாதமாக இருந்த நேரம். வீட்டில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது.

"இதைத்தான் 'அக்கறையை நினைவுகூர்வது எங்கள் கடமையாகும்'னு எழுதினியா?"

வாலை வெட்டினால் போதும்

அந்த வரியில் நடந்த தவறைக் கவனித்தால், தமிழில் பக்கம் எப்படி நிறைகிறது என்பது புரியும். வினைச்சொல் வந்ததும் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வால் முளைக்கிறது. 'என்றால் அது மிகையாகாது', 'என்பதை இத்தருணத்தில் தெரிவித்துக்கொள்கிறோம்', 'நினைவுகூர்வது எங்கள் கடமையாகும்' எல்லாமே அப்படி முளைத்த வால்கள்தான். இவற்றில் அவரைப் பற்றி எதுவும் இல்லை. எழுதுகிறவர் மேடையில் நிற்கிறார் என்பதை மட்டுமே சொல்கின்றன.

இன்னொன்று, சொல்லை இரட்டை இரட்டையாக அடுக்குவது. 'அன்பும் பாசமும்', 'வழிகாட்டியாகவும் ஆசானாகவும்', 'அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் ஆரோக்கியமாகவும்.' இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை போனது யாருக்கும் தெரியாது.

தம்பி உற்சாகமாகி, பேனாவை எடுத்து வேறு மாதிரி எழுதினார்: 'எங்கள் உயிரைக் காத்த தெய்வமே!'

அக்கா தலையாட்டினார். "வேண்டாம். உங்க ஏ.இ. உட்கார்ந்திருப்பார், அவர் வீட்டுல எல்லாரும் வந்திருப்பாங்க. என்ன ஆச்சு, எப்போ ஆச்சுன்னு விசாரணை ஆரம்பிச்சுடும். அவர் கேட்ட கேள்வியை மட்டும் எழுது. உங்க ஆட்களுக்கு அது போதும். அவர் வீட்டு ஆட்களுக்குப் புரியுறதுக்கு, கம்பத்துல ஏறும்போது கேட்டதுன்னு மட்டும் சேர்த்துக்கோ."

வெட்டுகிற வேகத்தில் தம்பி எல்லை தாண்டியதும் நடந்தது. அவர் எழுதிக் காட்டிய அடுத்த வடிவம் இப்படி இருந்தது:

'36 ஆண்டு பணி. கஜா புயலில் 18 நாள் சேவை. பாதுகாப்பில் கண்டிப்பு. நன்றி. வாழ்த்துகள்.'

"சத்தமா படி," என்றார் அக்கா. படித்ததும் தம்பிக்கே சிரிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பு கொடுப்பது போல இருந்தது.

இதில் செய்தி எல்லாம் இருக்கிறது. ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது போய்விட்டது. 'அண்ணே' இல்லை, 'நீங்கள்' இல்லை, வினைச்சொல்லே இல்லை. மரியாதையும் பாசமும் தமிழில் வினைச்சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'சுமந்தீர்கள்', 'கேட்டீர்கள்' என்று எழுதும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 'சேவை', 'கண்டிப்பு' என்று நிறுத்தும்போது நாற்காலி காலியாகிவிடுகிறது. அதனால் வாலை வெட்டலாம், வினையை வெட்டக் கூடாது.

கூப்பிடும் முறையையும் அக்கா மாற்றினார். தினமும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர்கள் இன்று மட்டும் 'தாங்கள்', 'அவர்களே' என்று பேசினால், ஓய்வு பெறுவதற்கு முன்பே அவரை அந்நியராக்கியது போல இருக்கும். அதனால் முதல் வரி முதல் கடைசி வரி வரை 'அண்ணே', 'நீங்கள்' என்றே இருக்கட்டும் என்று முடிவானது.

துணைவியாரைப் பற்றிய வரியில் இருந்த 'உபசரிப்பு' என்ன என்று கேட்டபோது, எலுமிச்சை சாதம் வெளியே வந்தது. அண்ணி கட்டிக் கொடுக்கிற டப்பாவில் பாதி எப்போதும் இளைஞர்களுக்குத்தான் போகும். அண்ணனுக்கு மீதி பாதி.

கடைசியாக வாழ்த்து. 'நோய் நொடியின்றிப் பல்லாண்டு காலம் வாழ எல்லாம் வல்ல இறைவனை மனமார வேண்டுகிறோம்' என்பதை முழுவதும் எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுப் பெரியவர்கள் அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பார்கள். அது வழக்கமான வரிதான், ஆனால் அது இல்லாவிட்டால் குறையாகத் தெரியும். அதனால் அதைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி அவருக்குன்னு ஒரு வாழ்த்து வேணும். ரிட்டயர்டு ஆனப்புறம் அவருக்கு என்னடா நல்லது நடக்கும்?"

தம்பி யோசிக்கவே இல்லை. "மழை பேஞ்சா தூங்கலாம்க்கா. 36 வருஷமா மழை வந்தாலே போன் அடிக்கும்."

18 வரிக்குள்

இரவு ஒன்பது மணிக்கு மடல் இப்படி முடிந்தது:

*எங்கள் போர்மேன் அண்ணனுக்கு,*

*36 வருடம் இந்த வேலையில் இருந்தீர்கள். பதிவேடு 31 என்று சொல்லும். ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்த 5 வருடத்தையும் நாங்கள் சேர்த்தே எண்ணுகிறோம்.*

*கஜா புயலுக்குப் பிறகு 18 நாள், வேதாரண்யம் வயல்களில், வண்டி போகாத சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தோம். முன்னால் இருந்த தோள் உங்களுடையது.*

*நாங்கள் கம்பத்தில் ஏறும்போதெல்லாம் கீழே இருந்து கேட்டீர்கள்: "எர்த் ராடு போட்டியா?" அந்தக் கேள்வியால்தான் இன்று எல்லோரும் இங்கே நிற்கிறோம். இனி அதை நாங்கள் கேட்போம்.*

*அண்ணி, நீங்கள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தில் பாதியை நாங்கள்தான் சாப்பிட்டோம். நன்றி.*

*அண்ணே, இனி மழை பெய்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு நன்றாகத் தூங்குங்கள். போன் அடித்தால் அது நாங்கள்தான். கரண்ட் போனதற்காக இருக்காது.*

*நல்ல உடல்நலத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டுகிறோம்.*

*அன்புடன், உங்கள் பிரிவு அலுவலகத் தம்பிகள்*

தம்பி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். ஒரு நிமிடம்தான் ஆனது. நோட்டில் இருந்ததைப் படித்திருந்தால் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"வாட்ஸ்அப் குரூப்புலயும் போடச் சொல்றாங்கக்கா. இன்னும் சின்னதா வேணுமாம்."

"எலுமிச்சை சாதத்தை எடுத்துடு, அப்புறம் கஜாவை எடு. அந்தக் கேள்வியையும் மழையையும் மட்டும் கடைசி வரைக்கும் எடுக்காதே. அது ரெண்டும் இருந்தா அவர் இருப்பார்."

விழா, பிரிவு அலுவலகத்துக்கு எதிரே போட்ட ஷாமியானாவில் நடந்தது. ஏழெட்டுப் பேர் பேசிய பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் தம்பியின் முறை வந்தது. கூட்டம் ஏற்கெனவே சோர்ந்திருந்தது. போர்மேன் மாலையோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிற சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். '5 வருடத்தையும் சேர்த்தே எண்ணுகிறோம்' என்றபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கீழே இருந்து கேட்டீர்கள், எர்த் ராடு போட்டியா?" என்று தம்பி படித்து நிறுத்தினார். பின்வரிசையில் இருந்து ஒரு ஹெல்பர் பையன், பழக்கதோஷத்தில், சத்தமாகச் சொல்லிவிட்டான்.

"போட்டாச்சுண்ணே!"

பந்தல் முழுவதும் சிரித்தது. போர்மேனும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார். துடைத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

கடையில் இப்போது அந்தப் பழைய ஃபைல் இல்லை. யாராவது வந்து, "பணி நிறைவு மடல் ஒண்ணு வேணும், நீங்களே ஏதாவது போட்டுக் கொடுங்க" என்று கேட்டால், அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "அவங்க தினமும் சொல்ற வார்த்தை ஏதாவது இருக்கா?"

கொஞ்சம் யோசித்தால் எல்லோருக்கும் ஒன்று ஞாபகம் வருகிறது.